எட்டால் பெருக்கத் தெரியாத குமாஸ்தா

(நூலக அரங்கு ஒன்றில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய உரை)



பிள்ளைக்கு நிரலாக்கம் பழக எந்த ஆட்டத்தை வாங்கித் தரலாம் என்று கேட்பவர்களிடம் பத்துப் பெயர்களை எழுதிக் கொடுத்துவிடுவது சுலபம். கேட்டவரும் மகிழ்ச்சியாகப் போவார். முதல் பெயரைப் பதிவிறக்கிப் பிள்ளையிடம் கொடுப்பார். அந்த வாரக் கடைசியில் பிள்ளை பழையபடி கார் ஓட்டும் ஆட்டத்துக்குத் திரும்பியிருக்கும். அதனால் இன்று மாலை பட்டியல் கிடையாது. ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் என்ன நடக்கிறது, பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது, விழுந்த இடத்தில் எதைக் கற்கிறது என்று பார்க்கலாம். ஒன்றைச் சரியாகப் பார்த்துவிட்டால் அடுத்த ஆட்டத்தை நீங்களே எடை போட்டுவிடுவீர்கள்.

கல்வி ஆட்டம் என்ற பெயரில் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. விண்கலம் பறக்கும். நடுவில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்கும். சரியாகச் சொன்னால் ஒரு குண்டு சுடலாம். கணக்கு அங்கே சுங்கச்சாவடி மாதிரி. காசைக் கொடுத்துவிட்டு எப்போது தாண்டுவோம் என்றுதான் பிள்ளை காத்திருக்கும். கணக்கை எடுத்துவிட்டால் ஆட்டம் இன்னும் நன்றாக ஓடும். அந்தக் குறுக்கீட்டைப் பிள்ளை முதல் நாளே கண்டுபிடித்துவிடுகிறது; நமக்குத்தான் நாளாகிறது.

நான் பேசப் போகும் ஆட்டத்தின் பெயர் ‘ஹியூமன் ரிசோர்ஸ் மெஷின்’. அமெரிக்காவில் கைல் கேப்ளர், கைல் கிரே, ஆலன் புளோம்க்விஸ்ட் ஆகியோர் தொடங்கிய ‘டுமாரோ கார்ப்பரேஷன்’ என்ற சிறு நிறுவனம் 2015இல் வெளியிட்டது. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆட்டம். கணினியிலும் கைப்பேசியிலும் ஓடும். அட்டையில் எங்கேயும் ‘கல்வி’ என்று பெரிதாகப் போட்டிருக்காது. அது ஓர் அலுவலகக் கேலிக்கதை. பிள்ளை ஒரு குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்கிறது. ஒவ்வொரு புதிரும் பணியில் ஓர் ஆண்டு. முதலாம் ஆண்டில் தபால் அறையில் தொடங்கி நாற்பத்தோராம் ஆண்டுவரை போகலாம். தலைக்கு மேல் ஒரு மேலாளர் சிடுசிடுவென்று உட்கார்ந்திருப்பார்.

அறை இப்படி இருக்கும். இடப்பக்கம் ஒரு பெல்ட்டில் எண்களோ எழுத்துகளோ எழுதிய பெட்டிகள் வரிசையாக வரும். வலப்பக்கம் இன்னொரு பெல்ட், முடித்த வேலையை வைக்க. நடுவில் தரையில் சில கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். குமாஸ்தா ஒரு நேரத்தில் ஒரே பெட்டியைத்தான் கையில் வைத்திருக்க முடியும். அவருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. நீங்கள் எழுதித் தரும் கட்டளைகளை மேலிருந்து கீழாக, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் செய்வார்.

கட்டளைகள் மிகக் குறைவு. `INBOX` என்றால் இடப்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து வருவார். `OUTBOX` என்றால் கையில் இருப்பதை வலப்பக்கம் வைப்பார். `COPYTO` கையில் இருப்பதன் நகலைக் கட்டத்தில் வைக்கும். `COPYFROM` கட்டத்தில் இருப்பதன் நகலைக் கைக்குக் கொண்டுவரும். `ADD` கட்டத்தில் உள்ள எண்ணைக் கையில் உள்ளதோடு கூட்டும். `JUMP` வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும். பிறகு கழித்தல், ஒன்று ஏற்றுதல், ஒன்று இறக்குதல், பூஜ்யமாக இருந்தால் தாவுதல், எதிர்மமாக இருந்தால் தாவுதல். இவையும் ஒரேயடியாகக் கிடைப்பதில்லை. ஆண்டுகள் போகப் போக ஒவ்வொன்றாக வரும்.

கணினி அறிவியல் படித்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். ஆமாம், இது அசெம்ப்ளி மொழிதான். கை என்பது அக்யுமுலேட்டர். கட்டங்கள் நினைவகம். எம்.ஐ.டி.யில் ஸ்டூவர்ட் மாட்னிக் 1965இல் ‘லிட்டில் மேன் கம்ப்யூட்டர்’ என்ற ஒரு பாட மாதிரியை உருவாக்கினார். ஓர் அறைக்குள் ஒரு குட்டி மனிதன், 00 முதல் 99 வரை எண்ணிட்ட தபால் பெட்டிகள், ஒரு கால்குலேட்டர், உள்ளே வரும் தட்டு, வெளியே போகும் தட்டு. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு வந்த இந்தக் குமாஸ்தாவுக்கு அந்தக் குட்டி மனிதனின் முகஜாடை அப்படியே இருக்கிறது. பொறியியல் கல்லூரியில் மூன்றாம் பருவத்தில் மாணவர்களைத் தூங்க வைக்கிற பாடத்தைப் பதினோரு வயதுப் பிள்ளை இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டு ஆடுவது எப்படி என்பதுதான் நம் கேள்வி.

பத்தாம் ஆண்டுக்குப் போவோம். வேலை இதுதான்: வருகிற ஒவ்வோர் எண்ணையும் எட்டால் பெருக்கி வெளியே வை. பெருக்கல் கட்டளை கிடையாது. கூட்டல் மட்டும்தான் உண்டு.

பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் எழுதுவது நேர்வழி. எண்ணை எடு, நகலை 0ஆம் கட்டத்தில் வை, அதை ஏழு முறை கூட்டு, வெளியே வை, மறுபடி முதலிலிருந்து. எண்ணினால் பதினொரு கட்டளை. ஓட்டினால் சரியாக ஓடும். ஆட்டமும் ‘சரி’ என்று ஏற்றுக்கொள்ளும். இதைக் கவனியுங்கள். எவ்வளவு மொண்ணையான வழியாக இருந்தாலும் சரியான விடையை ஆட்டம் நிராகரிப்பதில்லை. அடுத்த ஆண்டுக்குக் கதவு திறந்துவிடும். ஆனால் பக்கத்தில் இன்னொரு தகவலையும் வைக்கும்: இதை ஒன்பது கட்டளையில் செய்யலாம். எப்படி என்று சொல்லாது.

பதினொன்று, ஒன்பது. இந்த இரண்டு கட்டளை வித்தியாசம் பிள்ளையைத் தூங்க விடாது. பிள்ளை யோசிக்கும்: இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போனால் மூன்று கூட்டலில் முடிந்துவிடுமே! அருமையான யோசனை. உடனே ஏழு `ADD` வரிகளில் நான்கை அழித்துவிட்டு மூன்றை மட்டும் வைத்து ஓட்டும்.

```
a:
    INBOX
    COPYTO   0
    ADD      0
    ADD      0
    ADD      0
    OUTBOX
    JUMP     a
```

5 உள்ளே போகிறது. 40 வர வேண்டும். வருவது 20. மேலாளர் 40 எதிர்பார்த்தேன், 20 கொடுக்கிறாயே என்று கத்துவார். பிள்ளைக்கு நம்ப முடியாது. மூன்று முறை இரட்டித்தேனே!

ஆட்டத்தில் ஒவ்வொரு வரியாக முன்னே போகவும் பின்னே வரவும் பொத்தான் இருக்கிறது. வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் முடியும். குறைத்துப் பார்த்தால் இப்படித் தெரியும்: கையில் 5, கட்டத்தில் 5. ஒரு கூட்டல், கையில் 10, கட்டத்தில் 5. இன்னொரு கூட்டல், கையில் 15, கட்டத்தில் இன்னும் அதே 5. அப்போதுதான் கண் கட்டத்துக்குப் போகும். கை மாறுகிறது, கட்டம் மாறவில்லை. இரட்டித்தது பிள்ளையின் மனத்தில் மட்டும்தான். தரையில் யாரும் இரட்டிக்கவில்லை. ஒவ்வொரு கூட்டலுக்கும் பிறகு புது எண்ணைக் கட்டத்தில் எழுதினால்தான் அடுத்த கூட்டல் இரட்டிப்பாகும்.

```
a:
    INBOX
    COPYTO   0
    ADD      0
    COPYTO   0
    ADD      0
    COPYTO   0
    ADD      0
    OUTBOX
    JUMP     a
```

எண்ணிப் பாருங்கள், ஒன்பது.

இந்த இடத்தில் பிள்ளை என்ன கற்றது? மதிப்பு வேறு, அது இருக்கும் இடம் வேறு என்று கற்றது. ஓர் இடத்திலிருந்து எடுத்து மாற்றினால் பழைய இடம் தானாக மாறாது என்று கற்றது. நிரலாக்கம் புதிதாகப் படிக்கிறவர்கள் கல்லூரியிலும் வழுக்கி விழுகிற இடம் இது. ஆசிரியர் பலகையில் எழுதிச் சொல்லும்போது எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். இங்கே பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. 20 என்ற தவறான விடையே சொல்லிவிட்டது. ‘தவறு’ என்று ஒரு சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் வந்திருந்தால் பிள்ளை கண்மூடித்தனமாக எதையாவது மாற்றிப் பார்த்திருக்கும். இருபது என்பதற்குள் காரணம் இருக்கிறது: ஐந்தோடு மூன்று ஐந்து சேர்ந்தால் இருபது. நல்ல ஆட்டத்துக்கு நான் வைக்கிற முதல் அளவுகோல் இதுதான். தப்பு செய்தால் அது என்ன பதில் சொல்கிறது?

இன்னொன்று, இல்லாத கருவி. பெருக்கல் கட்டளையைக் கொடுத்திருந்தால் ஒரே வரியில் வேலை முடிந்திருக்கும். பிள்ளையும் ஒன்றும் கற்றிருக்காது. ஆட்டத்தை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே அதை ஒளித்து வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் ஆண்டில் இதே வேலை நாற்பதால் பெருக்கலாகத் திரும்பி வரும். நேர்வழியில் எழுதினால் நாற்பத்து மூன்று கட்டளை. பிள்ளைக்கே வெட்கமாக இருக்கும். பதினான்கில் முடிக்கலாம், அதுவும் இரண்டு விதமாக. மூன்று முறை இரட்டித்தால் எட்டு மடங்கு. அதை ஒரு கட்டத்தில் பத்திரப்படுத்திவிட்டு, மேலும் இரண்டு முறை இரட்டித்தால் முப்பத்திரண்டு மடங்கு. பத்திரப்படுத்திய எட்டைச் சேர்த்தால் நாற்பது. அல்லது முதலில் நான்கோடு ஒன்று சேர்த்து ஐந்து மடங்காக்கிவிட்டு அதை மூன்று முறை இரட்டிக்கலாம். இரண்டு பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வெவ்வேறு வழியில் பதினான்குக்கு வந்து சேர்ந்தால் அதன் பிறகு நடக்கும் சண்டையைக் கேட்க வேண்டும். இரட்டித்து இரட்டித்துத் தேவையானதைக் கூட்டிப் பெருக்குவது பண்டை எகிப்தியர் பெருக்கிய முறை. ரைண்ட் பாப்பிரஸில் இருக்கிறது. எண்ணை இரண்டின் அடுக்குகளாக உடைப்பது பைனரியின் அடிப்படை. இந்தப் பெயர்களைச் சண்டை முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இன்னும் எட்டு ஆண்டு தள்ளி, இருபதாம் ஆண்டுக்கு வாருங்கள். இப்போது எந்த இரண்டு எண் வந்தாலும் பெருக்க வேண்டும். எத்தனை முறை கூட்டுவது என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒரு கட்டத்தில் முதல் எண், இன்னொரு கட்டத்தில் எத்தனை முறை என்ற எண்ணிக்கை, மூன்றாவதில் கூடிக்கொண்டே போகும் மொத்தம். மொத்தத்தோடு முதல் எண்ணைக் கூட்டு. எண்ணிக்கையில் ஒன்றைக் குறை. அது பூஜ்யமாகிவிட்டால் மொத்தத்தை வெளியே கொடு. இல்லாவிட்டால் மறுபடி கூட்டு. 4, 3 வந்தால்: மொத்தம் 4, எண்ணிக்கை 2, மொத்தம் 8, எண்ணிக்கை 1, மொத்தம் 12, எண்ணிக்கை 0. பன்னிரண்டு வெளியே போகிறது. பிள்ளை நாற்காலியில் சாய்ந்து உட்காரும்.

அடுத்து 6, 0 வருகிறது என்று வையுங்கள். பிள்ளையின் நிரல் முதலில் கூட்டிவிட்டுப் பிறகுதான் பார்க்கிறது. மொத்தம் 6 ஆகிறது. எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஒன்று குறைந்து -1 ஆகிறது. அது பூஜ்யம் இல்லையே! மறுபடி கூட்டு: 12, எண்ணிக்கை -2. 18, -3. குமாஸ்தா விறுவிறுவென்று நடந்துகொண்டே இருப்பார். எண்ணிக்கை இனி ஒருநாளும் பூஜ்யத்தைத் தொடப்போவதில்லை. அதைவிட்டு விலகித்தான் போகிறது. இந்த ஆட்டத்தில் எண்கள் -999 முதல் 999 வரைதான் இருக்க முடியும். ஆகவே மொத்தம் 996 வரை ஏறி, அடுத்த கூட்டலில் எல்லையை மீறி நின்றுவிடும்.

முடிவில்லாச் சுழற்சி என்று நாம் வகுப்பில் வரையறை எழுதிப் போடுகிறோமே, அதைப் பிள்ளை இங்கே கண்ணால் பார்க்கிறது. அதைவிட நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. எண்கள் இடம் மாறி, 0 முதலிலும் 6 இரண்டாவதாகவும் வந்திருந்தால் இதே நிரல் சரியாக வேலை செய்யும். பூஜ்யத்தை ஆறு முறை கூட்டினால் பூஜ்யம். கணக்குப் பாடத்தில் இரண்டும் ஒன்றுதான். நிரலில் ஒன்றல்ல. பிழை ஒரு பக்கத்தில் மட்டும் ஒளிந்திருக்கிறது. கூட்டுவதற்கு முன்பே எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்க்க வேண்டும் என்பது தீர்வு. சோதனையைச் சுழற்சியின் வாலிலிருந்து தலைக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இதை ஒருமுறை இப்படிப் பட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளை, அதன் பிறகு எந்த நிரலை எழுதினாலும் ‘பூஜ்யம் வந்தால்?’ என்று தானாகவே கேட்கும். வங்கியிலும் ரயில்வேயிலும் மென்பொருள் சோதிப்பவர்கள் சம்பளம் வாங்குவது இந்தக் கேள்விக்காகத்தான்.

இப்போது அந்தக் குறிக்கோள் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அநேகமாக எல்லா ஆண்டுகளுக்கும் இரண்டு குறிக்கோள் உண்டு: எத்தனை கட்டளை எழுதினாய், எத்தனை அடியில் வேலை முடிந்தது. இரண்டும் பல நேரம் ஒத்துப்போகாது. இரண்டாம் ஆண்டிலேயே இது தெரிந்துவிடும். பெட்டிகளை எடுத்து அப்படியே வெளியே வைப்பதுதான் வேலை. எடு, வை, தாவு என்று மூன்றே கட்டளையில் எழுதலாம். ஆனால் தாவுவதும் ஓர் அடிதான், ஆகவே பெட்டிக்கு மூன்று அடி. எடு, வை, எடு, வை என்று நீளமாக எழுதிக் கடைசியில் ஒரே ஒரு தாவல் போட்டால் பெட்டிக்கு ஏறக்குறைய இரண்டு அடியே ஆகும். நிரல் நீண்டுவிடும், வேகம் கூடும். சுருக்கமான நிரலும் வேகமான நிரலும் வேறு வேறாக இருக்கலாம் என்பது தொழில்முறை நிரலர்கள் தினமும் போடும் பேரம். ஆட்டம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று வற்புறுத்துவதில்லை. ஒரே ஆண்டுக்கு இரண்டு நிரல் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் குறிக்கோள் எண்களை மதிப்பெண்ணாக்கிவிடாதீர்கள். ‘பக்கத்து வீட்டுப் பையன் ஒன்பதில் முடித்துவிட்டானாமே’ என்று சொன்ன நிமிடம் ஆட்டம் செத்துவிடும். ‘இன்றைக்கு மூன்று ஆண்டு முடித்துவிட்டுத்தான் டிவி’ என்பதும் அப்படித்தான். குறிக்கோளைப் பார்க்காமல் தாண்டிப் போகிற பிள்ளையைப் போக விடுங்கள். பல பிள்ளைகள் முன்னால் போய்விட்டுப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து பழைய ஆண்டுகளைச் சுருக்குவார்கள். சிலர் வரமாட்டார்கள். அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு எப்படி உதவுவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். முதலில் மாட்டிக்கொண்டிருக்கிறதா, யோசித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நான் பார்ப்பது வேகப் பொத்தானை. வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்துகிற பிள்ளை யோசிக்கிறது. அருகில் போகவே வேண்டாம். ஒரு கட்டளையை மேலே இழுப்பது, கீழே இழுப்பது, முழு வேகத்தில் ஓட்டுவது, மேலாளர் கத்துவது, மறுபடி இழுப்பது என்று போனால் அது குலுக்கல் சீட்டு. அப்போது போய் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்கலாம். இப்போது கையில் என்ன இருக்கிறது? கட்டத்தில் என்ன இருக்கிறது? அடுத்த வரியை ஓட்டினால் இரண்டும் என்ன ஆகும்? பதிலைச் சொன்ன பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். சொன்னதும் நடந்ததும் வேறுபடும் வரி எதுவோ அதுதான் பிழை இருக்கும் வரி. பெரும்பாலும் நான்காவது வரிக்குள் பிள்ளை ‘ஓ’ என்று சொல்லிவிட்டு நம்மை மறந்துவிடும். எழுந்து வந்துவிடுங்கள். விடைகள் இணையத்தில் எல்லாம் கிடைக்கின்றன. பார்த்து எழுதிய பிள்ளையைக் கண்டுபிடிப்பது எளிது. ஐந்து ஆண்டு தள்ளி அடியோடு நின்றுவிடும்.

எல்லா வீட்டிலும் பள்ளியிலும் இந்த ஆட்டத்தை வாங்க முடியாது. கட்டளைகள் வேறு ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆனால் இதைத் தரையில் ஆடலாம். வராந்தாவில் சாக்பீஸால் ஆறு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அட்டைகளில் தமிழில் கட்டளை எழுதுங்கள்: வாங்கு, கொடு, வை, எடு, கூட்டு, தாவு, பூஜ்யமானால் தாவு. ஒரு பிள்ளை மெஷின். இரண்டு மூன்று பேர் அட்டைகளை அடுக்கி நிரல் எழுதுகிறவர்கள்.

ஒரு சிக்கல் உடனே வரும். எண்ணைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால், ‘வை’ என்றதும் மெஷின் பிள்ளை சீட்டைக் கட்டத்தில் வைத்துவிடும், கை காலியாகிவிடும். ஆனால் நிரலில் ‘வை’ என்பது நகல் எடுப்பது. கையில் இருப்பது கையிலேயே இருக்கும். சீட்டு தவறான பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறது. அதனால் சீட்டு வேண்டாம், சிலேட்டு வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிலேட்டு, மெஷினின் கையில் ஒரு சிலேட்டு. ‘வை 0’ என்றால் கைச் சிலேட்டில் உள்ளதைப் பார்த்து 0ஆம் சிலேட்டில் எழுத வேண்டும். அங்கே முன்பு என்ன இருந்ததோ அதை அழித்துவிட்டு எழுத வேண்டும். அந்த அழிப்பான்தான் இந்த ஆட்டத்தின் மிக முக்கியமான சாமான். முக்கியமான ஒன்று அழிந்துபோகும்போது நிரல் எழுதிய பிள்ளைகள் போடும் கூச்சலே தனி.

இரண்டாவது சிக்கல் அன்பு. மெஷினாக இருக்கும் பிள்ளை தன் நண்பர்களுக்கு உதவ நினைக்கும். அட்டையில் ஒன்று குறைந்தாலும் அதுவே சரிசெய்து நடந்துவிடும். பிழை மறைந்துவிடும், பாடமும் போய்விடும். ‘அப்படிச் செய்யாதே’ என்று சொல்லிப் பயனில்லை. மெஷினாகும் பிள்ளையை முதலில் வெளியே அனுப்பிவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் கணக்கைச் சொல்லுங்கள். எதற்காக நடக்கிறோம் என்று தெரியாத பிள்ளை அட்டையில் உள்ளதை மட்டும்தான் செய்யும். ஒரு வகுப்பில் அப்படி ஆடும்போது நிரலில் ‘கொடு’ அட்டை இரண்டு முறை அடுத்தடுத்து வந்துவிட்டது. மெஷினாக இருந்த சிறுமி நடு வராந்தாவில் நின்றுவிட்டாள்.

“சார், கைல ஒண்ணும் இல்ல. கொடுன்னு போட்டிருக்கு. என்ன பண்றது?”

“நீ மெஷின்மா. மெஷின் என்ன பண்ணும்?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “நிக்கும் சார்” என்றாள்.

நின்றாள். அட்டை அடுக்கிய பையன்கள் ஓடிவந்து ஒரு ‘கொடு’வை உருவினார்கள்.

தரை ஆட்டத்துக்கு எட்டால் பெருக்கும் கணக்கு நன்றாகப் பொருந்தும். நாற்பது வேண்டாம், மெஷினுக்குக் கால் வலிக்கும். பூஜ்யங்களைத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் கொடு என்பது இன்னொரு நல்ல கணக்கு. வாங்கு, பூஜ்யமானால் முதல் வரிக்குத் தாவு, கொடு, முதல் வரிக்குத் தாவு என்று நான்கே அட்டை. அதைச் செய்து முடித்ததும் தலைகீழாகக் கேளுங்கள்: பூஜ்யத்தை மட்டும் கொடு. பூஜ்யம் இல்லாவிட்டால் தாவு என்று ஓர் அட்டை கேட்பார்கள். தராதீர்கள். இருக்கிற தாவல்களை வைத்தே ஐந்து அட்டையில் முடியும். தர்க்கத்தில் ‘அல்ல’ என்பதை இருக்கும் கருவிகளால் கட்டியெழுப்புவது அதுதான்.

இந்த ஆட்டத்தின் எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தொன்பதாம் ஆண்டில், கட்டத்தின் எண்ணையே இன்னொரு கட்டத்தில் எழுதி வைத்து, அதன் வழியாகப் போய் எடுக்கும் முறை வருகிறது. சுட்டி என்று பாடநூல்கள் சொல்வது. அதுவரை வழுக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளில் பலர் அங்கே நின்றுவிடுகிறார்கள். கடினம் திடீரென்று ஒரு சுவர்போல் எழும்புகிறது. அதைப் படிப்படியாக்க ஆட்டம் போதிய முயற்சி எடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். அங்கே நின்ற பிள்ளையைத் தள்ள வேண்டாம். ஆட்டம் தர வேண்டியதில் பெரும்பகுதியைத் தந்துவிட்டது. இதே நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘7 பில்லியன் ஹியூமன்ஸ்’ ஆட்டத்துக்கு மாறலாம். அதில் ஒரே நிரலைப் பல குமாஸ்தாக்கள் ஒரே நேரத்தில் செய்வார்கள், தொல்லைகளும் வேறு மாதிரி.

பெரிய வேலையைச் சிறு செயற்கூறுகளாகப் பிரித்துப் பெயரிடுவதை இந்த ஆட்டம் கற்றுத் தராது. கட்டளைகளை இழுத்து வைப்பதால் எழுத்துப் பிழையோடு போராடும் அனுபவமும் கிடைக்காது. பிள்ளை பைத்தானில் முதல் நாள் ஒரு முக்காற்புள்ளியை விட்டுவிட்டு அரைமணி நேரம் அழும்போது குமாஸ்தா உதவிக்கு வர மாட்டார். ஆட்டத்தில் தரைக் கட்டங்களுக்கு விரலால் கிறுக்கிப் பெயர் வைக்கலாம். பெயர் வைக்கிற பழக்கம் மட்டும் அங்கிருந்து ஓரளவு கூடவே வரும். வைக்காதவர்கள் இருபத்திரண்டாம் ஆண்டில் ஃபிபனாச்சி எண்களைக் கட்டும்போது எந்தக் கட்டத்தில் எது என்று குழம்பித் தாங்களாகவே வைக்கத் தொடங்குவார்கள்.

கூடவே வருவது எது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. பைத்தானில் இந்த நான்கு வரியை எழுதிக் காட்டுங்கள்.

```
x = 5
x = x + x
x = x + x
x = x + x
```

எட்டாம் வகுப்பு இயற்கணிதம் படித்த, நிரலாக்கம் தொடாத பிள்ளை இரண்டாவது வரியிலேயே புருவத்தைச் சுருக்கும். எக்ஸும் எக்ஸும் கூடினால் எக்ஸ் எப்படி வரும்? வர வேண்டுமானால் எக்ஸ் பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். கணக்குப் பாடத்தின்படி அந்தப் பிள்ளை சொல்வது முழுக்கச் சரி. சமன் குறி இங்கே சமம் என்று சொல்லவில்லை, வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கத்துக் கட்டத்தில் வை என்கிறது என்று நாம் விளக்க வேண்டும். ஒருமுறை விளக்கினால் போதாது.

குமாஸ்தாவோடு பத்தாம் ஆண்டுவரை வேலை பார்த்த பிள்ளை இந்த வரிகளைப் பார்த்துவிட்டு நாற்பது என்கிறது. கடைசி மூன்று வரியிலும் `x =` என்பதை எடுத்துவிட்டு வெறும் `x + x` என்று மட்டும் எழுதினால் கடைசியில் எக்ஸ் எவ்வளவு என்று அடுத்ததாகக் கேளுங்கள். கணினியைத் தொடாமலே ஐந்து என்று சொன்னால், அந்தப் பிள்ளைக்கு இனி மாறிகளைப் பற்றி முதல் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நேரே இரண்டாவதற்குப் போகலாம்.